முதன்முறை அவர் வீட்டுக்குப் போகும்போது: வருங்கால மாமியாரையும் சொந்தங்களையும் முறை சொல்லி வணங்குவது எப்படி?

சென்ற தை மாதம் ஓர் இரவு என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். தான் மணக்க விரும்பும் பையனின் வீட்டுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகப் போகிறாள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவளோ சென்னையில் பிறந்து வளர்ந்தவள். “பெரியம்மா, போனவுடன் எல்லோருக்கும் வணக்கம் சொன்னால் போதும்தானே?” என்று கேட்டாள்.

போதாது என்றேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே சென்னையிலிருந்து அதே வட்டாரத்துக்கு மருமகளாகப் போனவள். முதல் நாள் வீடு முழுவதும் கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று திருப்தியோடு உட்கார்ந்திருந்தேன். “பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடவில்லையே” என்று அன்று மாலை பெரிய மாமியார் சொன்னதை, பல மாதங்கள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

‘வணக்கம்’ என்பது மேடையிலும் அலுவலகத்திலும் சொல்லும் சொல். கிராமத்து வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஓர் உறவுச்சொல்லை. “அத்தை, நன்றாக இருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டால் அதுவே வணக்கம். அந்த ஒரு சொல் சரியாக வாயில் வரவேண்டும் என்பதற்காகத்தான் அன்று இரவு ஒன்றரை மணி நேரம் அவளோடு பேசினேன். அப்போது சொன்னவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெண் ஒருத்தி, பையனின் வீட்டுக்கு, தென்மாவட்டத்துக்குப் போவதாக வைத்துத்தான் எழுதுகிறேன். பிற இடங்களில் மாறுபடுவதை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதல் வேலை: அன்று வீட்டில் யார் யார் இருப்பார்கள்?

“அம்மா, அப்பா, தம்பி, அவ்வளவுதான்” என்று பையன் சொன்னால் நம்பாதீர்கள். பெண் வருகிறாள் என்றால் அடுத்த வீட்டுப் பெரியம்மா வருவார், உள்ளூரில் கட்டிக்கொடுத்த அத்தை வருவார், ஆச்சியைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு பையனையே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் நேரே அவர் அவர்களை என்ன சொல்லி அழைக்கிறார் என்பதை எழுத வேண்டும். அம்மாவோடு பிறந்தவர்களா, அப்பாவோடு பிறந்தவர்களா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

என் தங்கை மகள் கையில் வந்த பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள்: அப்பாவைப் பெற்ற ஆச்சி, அப்பா, அம்மா, தம்பி, அடுத்த வீட்டுப் பெரியப்பா, அவர் மனைவியான பெரியம்மா, கோவில்பட்டியில் இருக்கும் அத்தை (அப்பாவின் தங்கை), அக்கா, அக்காவின் கணவர். கூடவே அக்காவின் ஐந்து வயது மகள்.

முறை எப்படி மாறுகிறது?

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அவர் அழைப்பதைப் போலவே நாமும் அழைத்தால் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் பெரியம்மா என்றால் நானும் பெரியம்மா என்பேன், அவர் மாமா என்றால் நானும் மாமா என்பேன் என்று போனால் முறை பிசகிவிடும். பெரியவர்கள் காதில் அது கட்டாயம் உறுத்தும்.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் அப்பாவின் சொந்தச் சகோதரியுடைய மகனைத்தான் மணக்கப்போகிறீர்கள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் உறவுமுறைச் சொற்கள் எல்லாம் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தை வைத்தே அமைந்தவை. முன்பின் தெரியாத வீட்டுப் பையனை மணந்தாலும் மணம் பேசியவுடன் அவர் அம்மா உங்களுக்கு அத்தை ஆகிவிடுகிறார், அவர் அப்பா மாமா ஆகிவிடுகிறார். மற்றவர்களின் முறை எல்லாம் இந்த இரண்டிலிருந்தே கிளைக்கும்.

அவர் அம்மா உங்கள் அத்தை என்றால், அந்த அத்தையோடு பிறந்த ஆண்கள் உங்களுக்கு யார்? உங்கள் அப்பாவின் உடன்பிறப்புகள். எனவே அவருடைய தாய்மாமா உங்களுக்குப் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆவார். அத்தையோடு பிறந்த பெண்கள் உங்களுக்கும் அத்தைதான். ஆகவே அவருடைய பெரியம்மா உங்களுக்குப் பெரிய அத்தை, சித்தி உங்களுக்குச் சின்ன அத்தை. அப்பா பக்கமும் இப்படியே. அவர் அப்பா உங்கள் தாய்மாமா முறை. அந்த மாமாவின் அண்ணன் பெரிய மாமா. மாமாவின் அக்கா தங்கை உங்கள் அம்மாவின் அக்கா தங்கை முறை. அதனால் அவர் வாய்நிறைய அத்தை என்று அழைக்கிறவரை நீங்கள் பெரியம்மா என்றோ சித்தி என்றோ அழைக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், அவருக்கு அம்மா முறை ஆகிறவர்கள் உங்களுக்கு அத்தை, அவருக்கு அத்தை ஆகிறவர்கள் உங்களுக்கு அம்மா முறை. அப்பா முறையும் மாமா முறையும் இப்படியே இடம் மாறும். தாத்தா, ஆச்சி மட்டும் மாறுவதில்லை.

நம்முடைய வயதினரிடமும் இதே திருப்பம் உண்டு. அவருடைய அக்கா உங்களுக்கு மதினி. அண்ணன் இருந்தால் அத்தான். அந்த அண்ணனின் மனைவியை அவர் மதினி என்பார், நீங்கள் அக்கா என்பீர்கள். அவருடைய மாமா மகளும் அத்தை மகளும் உங்களுக்கு அக்கா, தங்கை ஆகிவிடுவார்கள். அவரைவிட இளையவர்களைப் பெயர் சொல்லியே அழைக்கலாம். கொழுந்தன், நாத்தனார், ஓர்ப்படி, மாமியார் என்பவை மூன்றாம் மனிதரிடம் பேசும்போது சொல்பவை. யாரையும் நேரே “மாமியார்” என்று அழைப்பதில்லை.

சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். நெல்லைப் பக்கம் மதினி என்றால் கொங்குப் பக்கம் நங்கை என்பார்கள், வேறு பல ஊர்களில் அண்ணி என்பார்கள். நெல்லையில் ஆச்சி, மதுரை, சிவகங்கைப் பக்கம் அப்பத்தா. ஈழத்தமிழர் வீடுகளிலும் பல இஸ்லாமியக் குடும்பங்களிலும் அத்தை என்று சொல்வதற்குப் பதிலாக மாமி என்பார்கள். ஆகவே கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், சொல்லை அந்த வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு இரண்டு முறை வந்தால்

தங்கை மகளின் பட்டியலை இந்தக் கணக்குப்படி எழுதிக்கொண்டே வந்தோம். ஆச்சி ஆச்சிதான். அப்பா மாமா, அம்மா அத்தை. பெரியப்பா பெரிய மாமா, பெரியம்மா பெரிய அத்தை. கோவில்பட்டி அத்தை இவளுக்குச் சித்தி. தம்பியைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அக்கா மதினி. அக்காவின் கணவர்? மதினியின் கணவர் அண்ணன் முறை என்று எழுதப்போனாள். “கொஞ்சம் பொறு, அவர் சொந்தத்தில் மணந்தவரா என்று கேள்” என்றேன். கேட்டாள். அவர் பையனின் தாய்மாமா. அக்காவைச் சொந்த மாமாவுக்கே மணம் முடித்திருக்கிறார்கள்.

தென்மாவட்டங்களில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். இப்போது அந்த ஒருவருக்கு இரண்டு முறை வருகிறது. அத்தையின் தம்பி என்று பார்த்தால் அவர் சித்தப்பா, மதினியின் கணவர் என்று பார்த்தால் அண்ணன். அவர் சித்தப்பா ஆனால் மதினி சித்தி ஆகிவிடுவார்! ஏட்டில் இதற்கு விடை இல்லை. எந்த வழி முறையை அழைப்பது என்று அந்தந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கும். அதைப் பையனைக்கொண்டு அவர் அம்மாவிடமே கேட்டுவிடுவதுதான் நல்லது. இவள் கேட்டாள். “அவளை மதினி என்றே கூப்பிடட்டும், என் தம்பியைச் சித்தப்பா என்று கூப்பிடட்டும்” என்று அந்தம்மா சொல்லி அனுப்பினார். கணக்குக்கு ஒத்துவராதுதான், ஆனால் அந்த வீட்டுக்கு அதுதான் முறை. அதோடு, வருகிற பெண் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே என்று அவர் மனம் குளிர்ந்துபோனதும் தெரியவந்தது.

அந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு மட்டும் குழப்பமே இல்லை. அவள் இவளை அத்தை என்பாள்.

இன்னும் பேசி முடிக்கவில்லையே, “அத்தை” என்று அழைக்கலாமா?

இதைப் பையனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு வீட்டாரும் சம்மதித்து, நாள் பார்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி என்றால் தயங்காமல் அத்தை என்று அழையுங்கள். சம்மதம் இன்னும் அரைமனதாக இருந்தால், உள்ளே நுழைந்ததும் அத்தை என்று அழைப்பது உரிமை கொண்டாடுவதுபோல் தோன்றலாம். அப்போது எந்த உறவுச்சொல்லும் இல்லாமல் “நன்றாக இருக்கிறீர்களா?” என்று மரியாதைப் பன்மையில் பேசுங்கள். சிறிது நேரத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஆச்சி, “உன் அத்தையைக் கூப்பிடு” என்பதுபோல் ஒரு வார்த்தையை விடுவார். கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம், அப்போதிலிருந்து அழைக்கலாம். யாரும் அப்படிச் சொல்லவே இல்லையென்றால் அன்றைக்கு அதுவரைதான். வற்புறுத்த வேண்டாம்.

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று “அம்மா” என்று அழைப்பவர்கள் உண்டு. நகரத்தில் அது பிசகில்லை. கிராமத்தில் கேலிக்கு இடமாகும். அவர் உனக்கு அம்மா என்றால் இவன் உனக்கு அண்ணனா என்று யாராவது கேட்டுவிடுவார்கள். “ஆன்ட்டி” என்பது அந்த வீட்டுக்கு உங்களை அந்நியராகவே வைத்திருக்கும்.

நாளும் நேரமும் கையில் கொண்டுபோவதும்

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான வீடுகளில் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். முதல் வருகையையும் தவிர்ப்பது நல்லது. எல்லோருக்கும் விடுமுறை என்பதால் ஞாயிறுதான் வசதி. அன்று எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை, ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவர்கள் பார்ப்பார்கள். எனவே காலை 10 மணிக்கு மேல் 11.30க்குள் வாசலை மிதித்துவிடுங்கள், மாலை 4 மணிக்கே விடைபெற்றுவிடுங்கள். ஞாயிறு என்றால் கறிக்குழம்பு கொதிக்கும். சைவம் மட்டும்தான் சாப்பிடுவீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பே தெரிவித்துவிட வேண்டும். சமைத்து வைத்த பிறகு இலையில் சொல்லக் கூடாது.

கையில் பழமும் இனிப்பும் பூவும் போதும். உங்கள் ஊரில் பேர்போனதை வாங்கிக்கொள்ளுங்கள். கோவில்பட்டிக்காரர்களுக்குக் கடலைமிட்டாய் வாங்கிப் போகாதீர்கள், அவர்களுடைய கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், பூ என்று தட்டு நிறைய எடுத்துச் செல்வது இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடிக்கும் நாளுக்கு உரியது, அதைத் தனியாகப் போகும் பெண் செய்யக் கூடாது. விலை உயர்ந்த புடவையும் இப்போது வேண்டாம். பதிலுக்கு என்ன செய்வது என்று அவர்கள் தவிக்க நேரும்.

பூ விஷயத்தில் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கணவரை இழந்தவர்கள் இருந்தால் அவர்கள் பூ வைப்பார்களா, குங்குமம் இடுவார்களா என்று பையனிடம் விசாரியுங்கள். வைக்காத வழக்கம் என்றால் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் பூவை நீட்டி அவர் மனத்தை வருந்தச் செய்யாதீர்கள். அவர் கையில் பழத்தைக் கொடுங்கள், பூவைச் சாமி படத்துக்கு என்று சொல்லி வீட்டில் கொடுங்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள். மேசையில் வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

வாசல்

செருப்பை நடைபாதையில் கழற்றாமல் ஓரமாக விடுங்கள். கோலத்தை மிதிக்காதீர்கள். வாளியில் தண்ணீரோ குழாயோ இருந்தால் குதிகால் நனையும்படி காலைக் கழுவிக்கொள்ளுங்கள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போங்கள். நிலைப்படியின் மேல் நிற்பதும், அதன் அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக நின்று பொருளைக் கொடுத்து வாங்குவதும் ஆகாது. அத்தை வாசலுக்கே வந்து பையை வாங்கக் கை நீட்டினாலும் உள்ளே போன பிறகே கொடுங்கள்.

‘வாங்க’

நம் வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் சொல் ‘வாங்க’ என்ற ஒன்றுதான். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்வார்கள். ஒருவர் சொன்னதால் மற்றவர் சொல்லாமல் இருக்க முடியாது. வந்தவரை ‘வாங்க’ என்று கேட்கவில்லை என்பது ஊரில் பெரிய குறை. ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவர் முகத்தைப் பார்த்து, கைகூப்பி, முறை சொல்லி ஒரு வார்த்தை கேளுங்கள். “நன்றாக இருக்கிறீர்களா, மாமா?” “ஊரிலிருந்து எப்போது வந்தீர்கள், சித்தி?” அவ்வளவு போதும். ஆண்களிடம் கைகூப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கை குலுக்க நீட்ட வேண்டாம்.

பட்டணத்துப் பெண்களுக்குத் தெரியாத பாதி இனிமேல்தான் வருகிறது. நீங்கள் உட்கார்ந்த பிறகு வருகிறவர்களை நீங்களும் ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். நாமே விருந்தாளி, வீட்டுக்காரர்களை நாம் எப்படி வரவேற்பது என்று தோன்றும். ஆனால் முறை அப்படித்தான். முதலில் வந்திருப்பவர் பின்னால் வருபவரைக் கேட்க வேண்டும். நான் தவறியது இங்கேதான். பெரிய மாமியார் கொல்லைப்புறமாக, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வந்தார். நான் எழுந்து நின்று கைகூப்பி வணக்கம் என்றேன். அவர் ஒரு கணம் நின்றார். நான் வேறெதுவும் சொல்லவில்லை. அவர் அப்படியே அடுப்படிக்குப் போய்விட்டார். ‘வாங்க அத்தை’ என்ற இரண்டு சொல்லுக்காக அவர் நின்றிருக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. தங்கை மகளிடம் இதை மூன்று முறை சொல்லி அனுப்பினேன். அவளுடைய பெரிய அத்தையும் பின்வாசல் வழியாகத்தான் வந்தாராம். இவள் எழுந்து ‘வாங்க அத்தை’ என்றதும் அந்தம்மா சிரித்துக்கொண்டே வந்து இவள் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தாராம்.

யாரை முதலில் பார்ப்பது?

வாசலில் எதிர்கொண்டவரைக் கேட்டுவிட்டு, வீட்டின் மூத்தவரிடம் போங்கள். ஆச்சி உள்ளறையில் கட்டிலில் இருப்பார். அவர் எழுந்து வரட்டும் என்று கூடத்தில் காத்திருக்காதீர்கள். அருகில் போய்க் குனிந்து, காது மந்தம் என்றால் சற்று உரக்க, உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அவராக விடும்வரை கையை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

அதன் பிறகு அத்தை. அவர் உங்களை ‘வாங்க’ என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பியிருப்பார். கூடத்தில் ஆண்களுக்கு முன்னால் அவரால் உங்களிடம் நான்கு வார்த்தை பேச முடிந்திருக்காது. கொண்டுவந்த பையை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை போங்கள். உள்ளே நுழையாதீர்கள். வாசலிலேயே நின்று “அத்தை” என்று அழைத்து, இரண்டு கையாலும் கொடுங்கள். உள்ளே வரச் சொன்னால் போங்கள். பூஜையறைக்கும் இதேதான், அழைக்காமல் போக வேண்டாம். முதல் சந்திப்பின் உண்மையான பேச்சு எனக்கு அந்த அடுப்படி வாசலில்தான் நடந்தது. என் அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே என் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். நானும் கீழே உட்கார்ந்து நான்கு கொத்தை எடுத்து உருவினேன். வேண்டாம் என்று ஒரு முறை சொன்னார், அதற்கு மேல் தடுக்கவில்லை. ‘நான் செய்கிறேன், நீங்கள் உட்காருங்கள்’ என்று கரண்டியைப் பிடுங்குவது வேறு. அதைச் செய்யாதீர்கள்.

முதலில் சொம்பில் தண்ணீர் வரும். தாகம் இல்லை என்று மறுக்காதீர்கள், ஒரு வாயாவது குடியுங்கள். சொம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். பழக்கமில்லை என்றால் ஒரு தம்ளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், புடவையில் கொட்டிக்கொள்வதைவிட அது மேல்.

சாப்பாட்டைப் பற்றி வீட்டில் அம்மாவிடம் பேசிவிட்டுப் போங்கள். சம்பந்தம் பேசி முடியும்வரை அந்த வீட்டில் ‘கை நனைப்பதில்லை’ என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. சாப்பிட்டுவிட்டால் சம்மதித்ததாக ஆகிவிடும். பெற்றோரோடு போகிறீர்கள் என்றால் காப்பியோடு நிறுத்திக்கொள்வதா, சாப்பிடுவதா என்பதை அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து, பையன் மூலம் தெரிவிக்க வேண்டும். சமைத்து வைத்துக் காத்திருப்பவர்களிடம் போய் இறங்கிய பிறகு மறுத்தால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அவரைப் பற்றிப் பேசும்போது

தனிமையில் நீங்கள் அவரைப் பெயர் சொல்லி அழைக்கலாம், ‘டா’ போடலாம். அந்த வீட்டில் அது ஒரு முறைகூட வாயில் வரக் கூடாது. “அவர்” என்று சொல்லுங்கள், அல்லது அத்தையிடம் “உங்கள் மகன்” என்று சொல்லுங்கள். இது தானாக வராது. ஒரு வாரம் முன்பிருந்தே தொலைபேசியில் அவரிடம் பேசும்போதும் பன்மையில் பேசிப் பழகுங்கள். அவர் பக்கத்தில் போய் உட்காரவும் வேண்டாம், பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் பாயில் உட்காருங்கள்.

“யார் வீட்டுப் பிள்ளை, பூர்வீகம் எது?” என்று ஆச்சியோ பெரிய மாமாவோ கேட்பார்கள். அதன் உள்ளே சாதியைப் பற்றிய கேள்வி இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதைத் தன் வீட்டில் முன்கூட்டியே சொல்லி முடித்திருக்க வேண்டியது பையனின் பொறுப்பு. அவர் சொல்லவில்லை என்றால் அந்தப் பயணத்தையே தள்ளிவையுங்கள் என்பேன். உங்கள் வாயால் முதன்முதலில் அதை அங்கே கேட்கும்படி வைப்பது உங்களுக்கும் நியாயமில்லை, அந்த அத்தைக்கும் நியாயமில்லை. சொல்லியிருக்கிறார் என்றால் அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். எதையும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

காலில் விழுவது

வந்தவுடன் வாசலில் வரிசையாக எல்லோர் காலிலும் விழத் தேவையில்லை. புறப்படும்போது செய்வதுதான் அழகு. ஆச்சியிடம் முதலில், பிறகு மாமாவையும் அத்தையையும் சேர்ந்து நிற்கச் சொல்லி வணங்குங்கள். பெரும்பாலும் கிழக்கு பார்த்து நிற்பார்கள். பெண்கள் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையும் நெற்றியும் தரையில் படும்படி வணங்குவார்கள். ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். படுத்திருப்பவரை விழுந்து வணங்கும் வழக்கம் இல்லை. ஆச்சி எழுந்து உட்கார முடிந்தால் உட்கார்ந்த பிறகு வணங்குங்கள், முடியாவிட்டால் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். திருநீறு பூசும்போது தலையைக் குனிந்து கொடுங்கள், அது மூக்கில் உதிர்ந்தாலும் அங்கேயே தட்டிவிடாதீர்கள். ஆசியோடு ரூபாய் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுயமரியாதை வழிவந்த குடும்பங்களில் காலில் விழுவதை விரும்ப மாட்டார்கள், பதறிப்போய்ப் பின்வாங்குவார்கள். கிறிஸ்தவ வீடுகளில் ‘ஸ்தோத்திரம்’ சொல்வது தென்மாவட்ட வழக்கம். இஸ்லாமிய வீட்டில் ஸலாம் சொல்வதுதான் முறை, காலில் விழுவது அறவே கிடையாது. இதையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்ணின் வீட்டுக்கு முதன்முறை போகும் பையனுக்கும் இதே முறைக்கணக்கு பொருந்தும். அவள் அம்மா அத்தை, அப்பா மாமா, அவளுடைய அத்தை உங்களுக்குப் பெரியம்மா அல்லது சித்தி, அவளுடைய தாய்மாமா உங்களுக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா. அவள் அண்ணனை மச்சான் என்பதா அத்தான் என்பதா என்பதை மட்டும் ஊர் வழக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புறப்படும்போது

“போகிறேன்” என்ற சொல் வரக் கூடாது. “போய்விட்டு வருகிறேன்” என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். வந்தபோது கேட்ட ஒவ்வொருவரிடமும் மறுபடி முறை சொல்லி விடைபெறுங்கள். கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரையும் தேடிப்போய்ச் சொல்லுங்கள். அத்தை குங்குமமும் பூவும் கொடுப்பார். குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு, பூவை அங்கேயே தலையில் வைத்துக்கொள்ளுங்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். படியிறங்கிய பிறகு எதையோ மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடாமல் இருக்க, கைப்பை, கைபேசி, சார்ஜர் எல்லாவற்றையும் முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து அழைப்பதை அந்த வீட்டில் யாருமே விரும்ப மாட்டார்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் அத்தையின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். மகன் மூலம் செய்தி சொல்லி அனுப்ப வேண்டாம். அவர் எண்ணை அடுப்படி வாசலிலேயே கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். என் தங்கை மகள் மறுநாள் காலை ரயிலை விட்டு இறங்கியதும் அழைத்தாள். பத்திரமாக வந்து சேர்ந்ததைச் சொல்லிவிட்டு, “ஆச்சி ராத்திரி தூங்கினார்களா, அத்தை?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. பிறகு, “இரு, ஆச்சியிடமே கொடுக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டு அத்தை உள்ளறைக்கு நடந்துபோகும் கொலுசுச் சத்தம் கேட்டதாம்.